முதலைத் தொடாத ஓய்வூதியம்

ஓய்வுபெற்றவர்கள் பலர் பெருமையோடு சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "வட்டியில்தான் சாப்பிடுகிறேன், முதலில் கை வைக்கவில்லை." அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டவருக்கு, 8.2 சதவீத வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வருகிறது. மாதக்கணக்கில் 20,500. பாஸ்புக்கில் 30 லட்சம் அப்படியே இருக்கிறது.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று கொள்வோம். 12 ஆண்டுகள் கழித்து அதே 20,500 ரூபாய், இன்றைய 10,200 ரூபாய்க்கான பொருளைத்தான் வாங்கும். 20 ஆண்டுகளில் அது 6,400 ரூபாயாகச் சுருங்கும். அந்த 30 லட்சமும் இதே வேகத்தில் கரைந்திருக்கும். வட்டியாக வந்த 8.2 சதவீதத்தில் சுமார் 6 சதவீதம், விலைவாசியால் முதல் இழக்கும் மதிப்பை ஈடுகட்டவே தேவைப்படுகிறது. அதையும் சேர்த்துச் செலவழிப்பவர், தனக்கே தெரியாமல் ஆண்டுதோறும் முதலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவருகிறார்.

அப்படியானால் சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவுதான் எடுக்கலாம்? இந்தக் கேள்விக்கு எண்களோடு விடை தேடியவர்களில் முக்கியமானவர் வில்லியம் பெங்கன். விண்வெளிப் பொறியியல் படித்து, குடும்பத்தின் குளிர்பான நிறுவனத்தில் வேலைபார்த்து, பிறகு கலிபோர்னியாவில் நிதி ஆலோசகரானவர். சராசரியாகப் பங்குகள் இத்தனை சதவீதம் தரும், பத்திரங்கள் இத்தனை சதவீதம் தரும் என்று வைத்துப் போடும் கணக்கில் அவருக்கு நிறைவில்லை. 1926 முதலான அமெரிக்கத் தரவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டிலும் ஒருவர் ஓய்வுபெற்றதாகக் கற்பனை செய்தார். பணத்தில் ஏறத்தாழ பாதி பங்குகளில், மீதி அரசுப் பத்திரங்களில். முதலாண்டில் ஒரு தொகை எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு முதல் விலைவாசி ஏறிய அளவுக்கு அதை உயர்த்திக்கொள்ள வேண்டும். 30 ஆண்டுகளுக்குள் பணம் தீரக் கூடாது. மிக மோசமான ஆண்டில் ஓய்வுபெற்றவருக்கும் தாக்குப்பிடித்த தொகை, முதலாண்டுச் சேமிப்பில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டி நின்றது. 1994இல் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரையிலிருந்துதான் '4 சதவீத விதி' பிறந்தது.

இந்த விதியைப் பலரும் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் கையிருப்பில் 4 சதவீதம் எடுப்பதல்ல இது. ஒரு கோடி ரூபாய் வைத்திருப்பவர் முதலாண்டில் 4 லட்சம் எடுக்கிறார். விலைவாசி 6 சதவீதம் ஏறினால் அடுத்த ஆண்டு 4.24 லட்சம் எடுக்கிறார். சந்தை ஏறியதா விழுந்ததா என்பது அந்தத் தொகையை மாற்றாது. அவர் வாழ்க்கைத் தரம் மாறாமல் இருப்பதுதான் விதியின் நோக்கம்.

பெங்கனின் கணக்கில் மிக மோசமாக அடிபட்டவர் யார் தெரியுமா? 1929இன் பெருவீழ்ச்சியில் ஓய்வுபெற்றவர் அல்ல. அப்போது பங்குகளோடு சேர்ந்து விலைவாசியும் விழுந்தது, எடுக்க வேண்டிய தொகையும் குறைந்தது. உண்மையில் நொறுங்கிப்போனவர்கள் 1960களின் நடுப்பகுதியிலும் பிற்பகுதியிலும் ஓய்வுபெற்றவர்கள். 1966 பிப்ரவரியில் டவ் ஜோன்ஸ் குறியீடு 1,000 புள்ளிகளை நெருங்கி நின்றது. 1982 ஆகஸ்டில் அது 777இல் இருந்தது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் விலைவாசியோ ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. ஒரு நாள் பேரிடியைவிட, நகராத சந்தையும் ஓயாத விலையேற்றமும் சேர்ந்து வருவதுதான் ஓய்வூதியரைச் சாய்க்கிறது.

இங்கே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சராசரி வருமானத்தைவிட, அது எந்த வரிசையில் வருகிறது என்பது முக்கியம். நம் சென்செக்ஸையே எடுத்துக்கொள்ளலாம். 2007 முடிவில் அது 20,287. 2008 முடிவில் 9,647. 2009இல் 17,465, 2010இல் 20,509, 2011இல் 15,455, 2012இல் 19,427, 2013 முடிவில் 21,171. ஆறு ஆண்டுகள் ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது.

2007 டிசம்பரில் ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு கோடி ரூபாயை முழுக்கச் சென்செக்ஸ் பங்குகளில் வைத்துவிட்டு ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருந்திருந்தால் 2013 முடிவில் அவரிடம் 1.04 கோடி இருந்திருக்கும். (ஈவுத்தொகையையும் வரியையும் இங்கே கணக்கில் எடுக்கவில்லை.) அவரே ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6 லட்சம் எடுத்திருந்தால்? மொத்தம் எடுத்தது 36 லட்சம். மிஞ்சியிருப்பது 68 லட்சம் என்று மனக்கணக்கு சொல்லும். உண்மையில் மிஞ்சுவது 57 லட்சம்தான். இதே ஆறு ஆண்டுகளை வரிசை மாற்றி, 2013இன் ஏற்றம் முதலிலும் 2008இன் சரிவு கடைசியிலும் வந்ததாகப் போட்டுப் பார்த்தால் மிச்சம் 74 லட்சம். அதே ஏற்ற இறக்கங்கள், அதே செலவு. வரிசைக்கு மட்டும் விலை 17 லட்சம்.

காரணம் எளிது. விழுந்த சந்தையில் 6 லட்சம் தேறுவதற்கு இரண்டு மடங்குக்கும் மேலான யூனிட்களை விற்க வேண்டியிருக்கிறது. விற்ற யூனிட்கள் 2009இல் சந்தை மீண்டபோது கையில் இல்லை. வேலையில் இருப்பவருக்குச் சரிவு என்பது மலிவாக வாங்கும் காலம், ஓய்வுபெற்றவருக்கு அதுவே அடிமாட்டு விலைக்கு விற்கும் காலம். ஆகவே ஓய்வுக்கு முந்தைய, பிந்தைய ஐந்தாறு ஆண்டுகள்தான் ஒருவரின் பணத்துக்கு ஆபத்தான காலம்.

அதற்காகப் பங்குகளையே விட்டு ஓட வேண்டுமா? இதே மனிதர் பாதிப் பணத்தை 8 சதவீதம் தரும் வைப்பில் போட்டு, ஆண்டு முடிவில் இரண்டையும் மீண்டும் சரிபாதியாக்கிக்கொண்டே வந்திருந்தால், அதே 6 லட்சத்தை ஆண்டுதோறும் எடுத்த பிறகும் 2013 முடிவில் 98 லட்சம் மிஞ்சியிருக்கும். 2008 டிசம்பரில் வைப்புப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, எல்லோரும் பயந்து ஓடிய சந்தையில் பங்கு வாங்கியதால் வந்த பலன் இது. செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். தேதியை முன்கூட்டியே குறித்துவைத்தவர்களுக்கு அது கொஞ்சம் சுலபம்.

இனி நம் ஊர்ச் சிக்கல். அமெரிக்காவில் தேறிய 4 சதவீதம் இங்கும் தேறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சென்செக்ஸின் கணக்கே 1979இலிருந்துதான் தொடங்குகிறது. 30 ஆண்டு ஓய்வுக்காலங்கள் பலவற்றைச் சோதித்துப் பார்க்க அது போதாது. நம் விலையேற்றமும் அவர்களுடையதைவிட வேகமானது. இங்குள்ள ஆலோசகர்கள் பலர் 3 முதல் 3.5 சதவீதம் என்று சொல்வது இதனால்தான். அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் ஒரு கோடிக்கு மாதம் 25,000 முதல் 29,000 ரூபாய்தான் என்றால் எத்தனை குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும்?

ஓய்வூதிய நிதியின் பயன் இந்த இடத்தில்தான் புரியும். தனியாக நிற்பவர் தன் ஆயுள் தெரியாததால் 95 வயது வரை பணம் வர வேண்டும் என்று திட்டமிட வேண்டியிருக்கிறது. ஆயிரம் பேர் சேர்ந்த ஒரு நிதிக்கு அந்தக் கவலை இல்லை. எவர் எப்போது போவார் என்பது தெரியாவிட்டாலும், ஆயிரம் பேரின் சராசரி ஆயுள் ஓரளவு தெரியும். 70இல் இறப்பவர் விட்டுச்செல்லும் பணம் 95 வரை வாழ்பவருக்குப் போகிறது. எனவே நிதி சராசரி ஆயுளுக்குச் சேர்த்துவைத்தால் போதும், ஒவ்வொருவருக்கும் மாதம் கூடுதலாகத் தர முடிகிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுள் ஓய்வூதியம் வாங்கச் சொல்வதன் அடிப்படையும் இதுதான்.

நம்மவர்கள் அதிலும் ஒரு தவறு செய்கிறார்கள். 'இறந்தபின் முதல் வாரிசுக்குத் திரும்பும்' என்ற பிரிவையே தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். முதல் திரும்பும் என்றால் சீக்கிரம் இறந்தவரின் பணம் மற்றவர்களுக்குப் போகாது. அப்புறம் அது கூட்டு ஏற்பாடே அல்ல, வாழ்நாள் முழுக்க வட்டி தரும் ஒரு வைப்பு, அவ்வளவுதான். மாதத் தொகையும் அதற்கேற்பக் குறைகிறது. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் ஆசை இருந்தால், அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவது மேல்.

ஒரு குடும்பத்தை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 65 வயதுக்காரர், மனைவியோடு சொந்த வீட்டில் இருக்கிறார். மாதச் செலவு 40,000, ஆண்டுக்கு 4.8 லட்சம். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் ஓய்வூதியம் மாதம் 5,000. சேமிப்பு ஒரு கோடி. ஆக, சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு 4.2 லட்சம் வேண்டும். 4.2 சதவீதம், அதாவது கொஞ்சம் கூடுதல். இப்போது அவர் 20 லட்சத்துக்கு முதல் திரும்பாத ஆயுள் ஓய்வூதியம் வாங்குகிறார். 7.5 சதவீதம் கிடைப்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 1.5 லட்சம். மீதி 80 லட்சத்திலிருந்து 2.7 லட்சம் எடுத்தால் போதும். விகிதம் 3.4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

ஆனால் இரண்டு ஓய்வூதியமும் விலைவாசியோடு ஏறாதவை. அடுத்த ஆண்டு செலவு 6 சதவீதம் கூடினால், கூடும் 28,800 ரூபாயும் அந்த 80 லட்சத்தின் தலையில்தான் விழும். 2.7 லட்சம் என்பது ஏறத்தாழ 2.99 லட்சமாகும், ஒரே ஆண்டில் 10.7 சதவீத உயர்வு. நீண்ட ஆயுள் என்ற ஆபத்தை ஓய்வூதியம் தாங்கும், விலையேற்றத்தைத் தாங்காது. அதனால்தான் மிச்சப் பணத்தில் பாதியாவது பங்குகளில் இருக்க வேண்டியிருக்கிறது. ஓய்வூதியம் வாங்கும்போது கணவருக்கு மட்டும் வாங்காமல், அவருக்குப் பின் மனைவிக்கும் தொடரும் பிரிவை வாங்குவதும் அவசியம். தொகை சற்றுக் குறையும், குறையட்டும்.

பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. இந்த ஆண்டு எடுக்கப்போகும் தொகையைக் கையிருப்பால் வகுக்க வேண்டும். ஜொனதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இரு அமெரிக்கர்கள் 2006இல் எழுதிவைத்த வேலி இது: விகிதம் தொடக்கத்தில் இருந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால், எடுப்பதில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். நம் குடும்பத்தின் தொடக்க விகிதம் 3.4 என்பதால் வேலி 4.1 சதவீதத்துக்கு அருகில் நிற்கிறது. முதலாண்டிலேயே சந்தை சரிந்து 80 லட்சம் 65 லட்சமாகிவிட்டது என்போம். எடுக்க வேண்டியது 2.99 லட்சம், விகிதம் 4.6. வேலியைத் தாண்டியாயிற்று. குறைக்க வேண்டியது ஆண்டுக்கு சுமார் 30,000 ரூபாய், மாதம் 2,500. அந்த ஆண்டு காசி யாத்திரை தள்ளிப்போகும், மருந்துக்கும் மளிகைக்கும் குறை வராது.