இளங்காற்று அறுக்கும் மின்கம்பி

உயர்மின் கோபுரங்களுக்கு இடையே ஓடும் கம்பி புயலில் அறுந்தால் யாரும் வியப்பதில்லை. ஆனால் அந்தக் கம்பியின் ஆயுளைச் சத்தமில்லாமல் குறைப்பது, வயல்வெளியில் ஒரே சீராக வீசும் இளங்காற்று. நொடிக்கு ஒன்று முதல் ஏழு மீட்டர் வரை வேகமுள்ள காற்றைத்தான் மின்பாதைப் பொறியாளர்கள் இந்த வகையில் அஞ்சுகிறார்கள். அது எப்படி என்று புரிய, கம்பியின் பின்பக்கம் காற்று என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

உருண்டையான கம்பியைத் தாண்டும் காற்று அதன் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டு போக முடியாமல் பிரிகிறது. பிரிந்த காற்று சுழலாகச் சுருள்கிறது. மேற்பக்கம் ஒரு சுழல் வளர்ந்து கழன்று போனதும் கீழ்ப்பக்கம் ஒன்று கழலும். பிறகு மீண்டும் மேலே. ஒவ்வொரு முறையும் அழுத்தம் பக்கம் மாறுவதால் கம்பி மேலும் கீழும் இழுபடுகிறது. காற்று கிடைமட்டமாக வீச, கம்பி அதற்குக் குறுக்கே ஆடுகிறது.

நொடிக்கு எத்தனை முறை? 1878இல் செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹல் காற்றில் பாடும் கம்பிகளின் சுருதியை அளந்தார். கம்பியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காற்று எழுப்பும் அடிப்படைச் சுருதி மாறவில்லை. காற்றின் வேகம் கூடினால் சுருதி கூடியது, கம்பி தடித்தால் குறைந்தது. அதிர்வெண்ணைக் குறுக்களவால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு அலகே இல்லை. அது இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. உருளைக்கு அதன் மதிப்பு ஏறக்குறைய 0.2. அதாவது, மேலொன்றும் கீழொன்றுமாக ஒரு சோடிச் சுழல் கழலும் நேரத்தில், காற்று கம்பியின் குறுக்களவைப்போல் ஐந்து மடங்கு தூரம் ஓடிவிடுகிறது.

f = 0.2 × U / D

நம் நாட்டின் 400 கிலோவோல்ட் பாதைகளில் பரவலாக உள்ள ‘மூஸ்’ வகைக் கம்பியின் குறுக்களவு ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 0.2 × 5 / 0.032, அதாவது நொடிக்குச் சுமார் 31 அதிர்வுகள். இதே காற்று 2 மில்லிமீட்டர் கம்பியில் பட்டால் 500 வரும். காதில் விசிலாகக் கேட்கும்.

இந்த 0.2 எங்கும் செல்லாது. ரெனால்ட்ஸ் எண் சில நூறிலிருந்து சுமார் இரண்டு லட்சம் வரை இருக்கும்போதுதான் நம்பலாம். நம் கம்பிக்கு அது பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது, கவலையில்லை. பெரிய ஆலைப் புகைபோக்கிக்கு அது பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அங்கே இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

வீணைத் தந்தியைப்போல் மின்கம்பிக்கும் தனக்கே உரிய அதிர்வெண்கள் உண்டு. மூஸ் கம்பி மீட்டருக்கு 2 கிலோ எடை. இழுவிசை 35 கிலோநியூட்டன் என்று வைத்தால், அதிர்வலை அதில் நொடிக்கு சுமார் 132 மீட்டர் ஓடும். கோபுரங்களுக்கு இடைவெளி 400 மீட்டர் என்றால், அடுத்தடுத்த இயல்பு அதிர்வெண்களுக்குள் வித்தியாசம் வெறும் 0.165. ஆகவே காற்று எந்த வேகத்தில் வந்தாலும் அதற்கு இசையும் ஓர் அதிர்வெண் கம்பியில் தயாராகக் காத்திருக்கிறது. ‘இந்த வேகத்தைத் தவிர்த்தால் போதும்’ என்ற வழியே இல்லை. போதாக்குறைக்கு, கம்பி ஆடத் தொடங்கியதும் சுழல்கள் அதன் ஆட்டத்துக்கு ஏற்பவே கழல்கின்றன. காற்று சற்றுக் கூடிக் குறைந்தாலும் பிடி விடுவதில்லை. பலத்த காற்று பொதுவாகக் கொந்தளிப்பானது. கம்பி நெடுகச் சுழல்கள் ஒத்துக் கழல அது இடம் தராது.

ஆட்டம் கம்பியின் தடிமனைத் தாண்டுவது அரிது. தரையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. ஆனால் நொடிக்கு 31 என்றால் மணிக்கு ஒரு லட்சத்துக்கு மேல். கோபுரத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்பின் வாயில் அத்தனை முறையும் கம்பி வளைகிறது. உள்ளே அலுமினிய இழைகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, விரிசல் கண்டு, ஒவ்வொன்றாக அறுகின்றன. உலோகக் களைப்பு என்பது இதுதான்.

1920களில் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பொறியாளர் இதற்கு மருந்து கண்டார். குட்டையான எஃகு வடத்தின் இரு முனையிலும் எடை கட்டி, அதைக் கம்பியில் மாட்டினார். கம்பி அதிரும்போது எடைகள் ஆட, வடத்தின் இழைகள் உரசி அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடும். எங்கே மாட்டுவது என்பதையும் அதே கணக்குதான் சொல்கிறது. 7 மீட்டர் வேகத்தில் அதிர்வெண் 44. அப்போது கம்பியில் அசையாத புள்ளிகள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக அமையும். டாம்பர் அப்படியொரு புள்ளியில் உட்கார்ந்தால் அது இருந்தும் இல்லாததுதான். கிளாம்பிலிருந்து அந்தத் தூரத்துக்குள் மாட்டினால், அதைவிட மெதுவான எந்தக் காற்றிலும் அசையாப் புள்ளி அதன்மேல் வந்து விழாது.

அறுந்த இழை கிளாம்புக்குள் மறைந்திருப்பதால், கீழே நின்று பார்த்துச் சேதத்தை அறிய முடியாது. அதனால் கிளாம்பின் வாயிலிருந்து 89 மில்லிமீட்டர் தள்ளிக் கம்பி எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பதிவுக் கருவி வைத்து அளக்கிறார்கள். அந்தச் சிறு அசைவிலிருந்து இழைகள் தாங்கும் வளைவைக் கணக்கிட்டு, கம்பிக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள்.