மொத்தக் கணக்கு மட்டும் போதாது

டிக்கெட்டைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் கதவு ஒன்றுக்கு மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கு வைக்கக் கூடாது என்கிறது, விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் வழிகாட்டி நூல். அதாவது ஆளுக்கு ஐந்தரை நொடி. டிக்கெட்டை எடுத்து நீட்டுவது, சரிபார்ப்பது, கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். கதவு சுற்றும்போதே ஆள் கணக்கும் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு வேலையும் ஒருசேரத் தவறிய இடம், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானம். 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் வாங்கியிருந்த 10,100 லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கியவை ஏழே ஏழு சுழல் கதவுகள். கதவுக்கு 1,443 பேர். மணிக்கு 660 என்று வைத்தால் எல்லோரும் நுழைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டரை மணிவரை பாதிப் பேர்கூட உள்ளே போகவில்லை. வெளியே நெரிசல் முற்றியதும், அதைத் தணிக்க 2.52க்கு ஒரு பெரிய வெளியேறும் வாயிலைத் திறந்துவிட்டார்கள். சுமார் ஐந்து நிமிடத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள். அந்த வழியில் டிக்கெட்டைப் பார்க்கவும் ஆளில்லை, எண்ணவும் கருவியில்லை.

நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கப்பாதை. அது நடுவிலிருந்த இரண்டு கம்பி அடைப்புகளுக்கு இட்டுச்சென்றது. அவை ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பக்கவாட்டு அடைப்புகளிலோ இடம் இருந்தது. சுரங்கப்பாதையை மூடிப் பக்கவாட்டில் திருப்பிவிட யாரும் நிற்கவில்லை. நடு அடைப்புகளில் நசுங்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள்.

கட்டுப்பாட்டு அறையில் எண்ணிக்கை காட்டும் கருவி இருக்கத்தான் செய்தது. ஆனால் அது காட்டியது அந்தப் பக்கத்தின் மொத்தக் கணக்கை. எந்த அடைப்பில் எத்தனை பேர் என்று அதற்குத் தெரியாது. டிக்கெட்டிலும் அடைப்பு எண் இல்லை. ரசிகர்கள் தாங்களாகவே பரவி நிற்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். மொத்தம் அளவுக்குள் இருக்கும்போதே ஓரிடம் பொங்கி வழியலாம் என்பதை அந்த எண் மறைத்துவிட்டது. விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர், தனித்தனி அடைப்புக்குத் தனித்தனி உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டவிடாமல் தடுக்க ஏற்பாடும் வேண்டும் என்றார்.

இன்றைய கியூ.ஆர். டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ஸ்கேன் செய்யும் கருவிகள் ஒரே பட்டியலோடு இணைந்திருந்தால், ஒருமுறை பயன்பட்ட டிக்கெட்டை அடுத்த வாயில் நிராகரிக்கும். நெட்வொர்க் அறுந்தால் ஒவ்வொரு கருவியும் தன் பட்டியலை மட்டும் நம்பும். ஒரே டிக்கெட்டின் நகலோடு இரண்டு பேர் இரண்டு வாயிலில் நுழைந்துவிடலாம். வெளியே போனவர்களைக் கழிக்காவிட்டால் கணக்கு இன்னும் விலகும். அதனால் எந்தக் கருவி இருந்தாலும், ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் கூட்டத்தைக் கண்ணால் பார்த்து, நிரம்பியதும் வழியை அடைக்கும் அதிகாரத்தோடு ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது.