பூட்டிய வீட்டைப் படத்தில் படிப்பது

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் முகப்புக் கதவு முழுதாகத் திறக்கும். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர். அவருடைய அப்பாவும் அதே வீட்டைப் பார்த்துக்கொண்டவராக இருப்பார். மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் நாலைந்து படங்கள் வரும். முகப்பு, முற்றம், கூட்டிப் பெருக்கிய தரை. கூடவே ஒரு குரல் பதிவு: “வீடு நல்லா இருக்கு ஆச்சி.”

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களால் வீட்டுக்குப் பயன் குறைவு. பழைய வீடு கெடுவது முகப்பில் தொடங்குவதில்லை. கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் மூலையில், மரப் பலகைக்குப் பின்னால், முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் மடையில்தான் தொடங்கும். அதுவும் மெதுவாக நடக்கும். தினமும் பார்க்கிறவர் கண்ணுக்கே தெரியாத மாற்றம் அழகான ஒரு படத்தில் தெரியுமா? போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். அதற்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும்.

ஆகவே ஊருக்கு வரும்போது அரை நாள் ஒதுக்கி, பார்த்துக்கொள்பவரோடு வீடு முழுக்க நடந்து, பத்துப் பன்னிரண்டு இடங்களை முடிவு செய்துகொள்வது நல்லது. படம் எடுக்கும்போது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தரையோரம் சின்னதாக ஒரு பெயிண்ட் புள்ளி, எண்ணோடு. முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை எப்போதும் அதே வரிசையில் எடுக்கட்டும். முதல் தடவை நீங்களே எடுத்த படங்களை அச்சிட்டு அவரிடம் ஒரு தொகுப்பு கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் எதை எப்படி எடுப்பது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நாட்டு ஓடு வேய்ந்த கூரை, நடுவில் முற்றம். ஏழாம் எண் இடம் இரண்டாம் கட்டின் வடமேற்கு மூலை. கேமரா மேலே பார்க்கிறது. ஆகஸ்ட் மாதப் படத்தில் மரம் ஒரே நிறமாக இருக்கிறது. அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், கைம்மரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. நவம்பரில் அது ஒரு முழம் நீண்டு, கீழே சுண்ணாம்புச் சுவரிலும் பழுப்பாக இறங்கியிருக்கிறது. அந்த மூலைக்கு மேலேதான் இரண்டு சரிவின் தண்ணீரும் வந்து சேரும் தகரம் இருக்கிறது. அதில் இலை அடைத்திருக்கலாம், தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கலாம், குரங்கோ மயிலோ நடந்து ஓடு நகர்ந்திருக்கலாம். மூன்றில் எது என்று படம் சொல்லாது. மழை பெய்துகொண்டிருக்கும்போதே அந்த மூலையை ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொன்னால், தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று தெரிந்துவிடும். இந்தக் கட்டத்தில் ஆள் ஏறினால் வேலை இலையை அள்ளுவதோ சில ஓடுகளை மாற்றுவதோதான். இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டால் கைம்மரமே உளுத்துப்போகும். பர்மாத் தேக்கில் அப்படி ஒரு மரத்தை இன்று தேடிப் பிடிப்பதும், அதை ஏற்றத் தெரிந்த ஆசாரியைத் தேடிப் பிடிப்பதும் எவ்வளவு பாடு என்று மாற்றியவர்களுக்குத் தெரியும்.

மழைக்கு முன்னால் செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. நடுப்பகலில் ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். நகர்ந்த ஓட்டின் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரியும். ஆவணியிலேயே இதைப் பார்த்துவிட்டால், ஐப்பசி மழைக்குள் ஓடு மாற்ற நேரம் கிடைக்கும்.

கரையானுக்கு வேறு முறை. சுவரில் விரல் தடிமனுக்கு மண் கோடு ஏறியிருந்தால், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுக்க வேண்டும், அளவு தெரிவதற்காக. பிறகு அந்தக் கோட்டின் நடுவில் இரண்டு விரல் அகலம் சுரண்டிவிட்டு, பென்சிலால் தேதி எழுதிவைக்க வேண்டும். அடுத்த படத்தில் இடைவெளி மூடியிருந்தால் கரையான் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. மூடாவிட்டாலும் பயம் முழுதாகப் போகாது. அது வேறு வழியாக ஏறியிருக்கலாம். அதனால் நிலையையும் கதவுச் சட்டங்களையும் தட்டிப் பார்த்து, பொக்கென்று ஒலிக்கிறதா என்று குரல் பதிவில் சொல்லச் சொல்லுங்கள். சுவர் விரிசலுக்கும் இதே வழிதான்: முனையில் ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.

பன்னிரண்டு இடங்களில் ஒன்றாக மின்மீட்டர் இருக்கட்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், பூட்டிய வீட்டின் பில் எப்போதும் பூஜ்யமாகவே வரும். வீட்டில் யாரோ தங்கி 80 யூனிட் செலவழித்தாலும் அதே பூஜ்யம்தான். மீட்டரில் ஓடும் எண்ணை மாதாமாதம் குறித்துவந்தால்தான் வித்தியாசம் புரியும். எண் திடீரென்று ஏறியிருந்தால் உடனே ஆளைச் சந்தேகிக்க வேண்டாம். கிணற்று மோட்டார் அணைக்காமல் ஓடியிருக்கலாம், பழைய ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். இரண்டும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், எடுத்த நேரமும் இடமும் பற்றிய குறிப்பு நீங்கிவிடும், படமும் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் இரண்டும் அப்படியே இருக்கும். அது சிரமமென்றால் முதல் படம் தினசரிக் காலண்டர் தாளாக இருக்கட்டும்.

இவ்வளவும் நடப்பது அந்த ஒரு மனிதரால். கெட்ட செய்தி சொன்னபோது “இவ்வளவு நாள் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” என்ற கேள்வியை ஒருமுறை கேட்டவர், அடுத்த கசிவைப் படம் எடுக்க மாட்டார். சம்பளத்தையும் பழுதுச் செலவையும் தனித்தனியாக அனுப்புவதும், இவ்வளவு தொகை வரை கேட்காமலே செலவு செய்யலாம் என்று சொல்லிவைப்பதும் அவருக்குத் தைரியம் தரும். அடைத்த மடையைத் திறக்க அனுமதிக்காகச் சிங்கப்பூரில் விடியும்வரை அவர் காத்திருக்கக் கூடாது. ஆனால் ஓர் எல்லை வேண்டும்: சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவது மட்டும் கேட்காமல் நடக்கக் கூடாது. நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு உப்புப் பூத்துப் பெயர்ந்து விழும்.

காவலுக்கு இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அதனால் வீட்டில் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கோவா வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என்றாலும் வழக்கு என்று வந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். அவர் எந்த நிலையில் அங்கே இருக்கிறார், சம்பளம் என்ன என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது அவருக்கும் பாதுகாப்பு. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் குடும்பத்தார் பெயரிலேயே இருக்க வேண்டும். இறந்துபோன தாத்தாவின் பெயரில் நின்றுவிட்ட இணைப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டும். பங்காளிகள் பலர் உள்ள வீட்டில், படங்கள் எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே குழுவில் போகட்டும். செலவுக் கணக்கில் மனஸ்தாபம் குறையும்.

எந்தப் படத்திலும் வராதது பத்திரப்பதிவு. வீடு துடைத்து வைத்ததுபோல் இருக்கும்போதே அதன்மேல் யாரோ போலிப் பத்திரம் பதிந்திருக்கலாம். பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மழைக்கு முந்தைய படங்களைப் பார்க்கும் அதே நாளில் ஒன்றும் பொங்கலையொட்டி ஒன்றுமாக, அதை எடுத்துப் பார்ப்பதை வீட்டுச் சொந்தக்காரர்தான் செய்ய வேண்டும். ஊரில் இருப்பவரிடம் விடக்கூடாத வேலை அது ஒன்றுதான்.