ஆறு மூலங்கள், நான்கு காரணிகள்

ஆறாம் படிக்கு உயர்த்தினால் 1 ஆகும் எண்களை ஒன்றின் ஆறாம் படி மூலங்கள் என்பர். x⁶ = 1, அதாவது x⁶ − 1 = 0 என்ற சமன்பாட்டின் தீர்வுகள் அவை. மெய்யெண்களுக்குள் தேடினால் 1, −1 என்ற இரண்டு மட்டுமே அகப்படும். ஆறாம் படிச் சமன்பாட்டுக்கு ஆறு மூலங்கள் இருக்க வேண்டும் என்பதால், மற்ற நான்கையும் கலப்பெண்களில்தான் தேட வேண்டும்.

ஒரு கலப்பெண்ணைத் தளத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். ஆதியிலிருந்து அதன் தூரம் மட்டு. மெய் அச்சின் நேர்த்திசையிலிருந்து அது திரும்பியிருக்கும் கோணம் வீச்சு. இரு கலப்பெண்களைப் பெருக்கும்போது மட்டுகள் பெருகும், வீச்சுகள் கூடும். ஆறாம் படி 1 ஆக வேண்டுமானால் மட்டு 1 ஆகத்தான் இருக்க முடியும். வீச்சை ஆறால் பெருக்கினால் 360 பாகையின் முழு மடங்கு வர வேண்டும். ஆகவே வீச்சு 0°, 60°, 120°, 180°, 240°, 300° என்ற ஆறில் ஒன்று. ஆரம் 1 உள்ள வட்டத்தின் மேல் இந்த ஆறு புள்ளிகளும் ஓர் ஒழுங்கு அறுகோணத்தின் முனைகளாக அமைகின்றன. 0°-இல் 1, 180°-இல் −1. 60°-இலும் 300°-இலும் (1 ± i√3)/2. 120°-இலும் 240°-இலும் (−1 ± i√3)/2.

மெய் அச்சைக் கண்ணாடியாக வைத்தால் 60° முனையின் பிம்பம் 300° முனை. 120° முனையின் பிம்பம் 240° முனை. இப்படிப் பிம்பமாக அமையும் இரண்டும் இணைக் கலப்பெண்கள். தனித்தனியே பார்த்தால் இவற்றின் காரணிகளில் i இருக்கும். இணையைச் சேர்த்துப் பெருக்கினால் i மறைந்துவிடும். θ என்பது வீச்சானால், இணையின் கூட்டல் 2 cos θ, பெருக்கல் 1. எனவே அந்த இணைக்குரிய இருபடிக் கோவை x² − 2x cos θ + 1. cos 60° = 1/2 என்பதால் முதல் இணை x² − x + 1 என்ற கோவையைத் தருகிறது. cos 120° = −1/2 என்பதால் இரண்டாவது இணை x² + x + 1 என்ற கோவையைத் தருகிறது. தனியே நிற்கும் 1, −1 இரண்டையும் சேர்த்தால் முழுக் காரணிப்படுத்தல் கிடைக்கிறது:

x⁶ − 1 = (x − 1)(x + 1)(x² + x + 1)(x² − x + 1)

கலப்பெண்ணைத் தொடாமலும் இதே இடத்துக்கு வரலாம். x⁶ என்பது x³-இன் வர்க்கம் என்று கொண்டால், வர்க்கங்களின் வித்தியாசமாக (x³ − 1)(x³ + 1) கிடைக்கும். அவற்றைப் பள்ளியில் படித்த கன வாய்பாடுகளால் உடைத்தால் நான்கு காரணிகளும் வந்துவிடும். மாறாக, x⁶ என்பது x²-இன் கனம் என்று தொடங்கினால் (x² − 1)(x⁴ + x² + 1) வரும். இங்கே பலர் நின்றுவிடுவார்கள். x⁴ + x² + 1 எந்த மெய்யெண்ணுக்கும் பூச்சியம் ஆகாது; ஆகவே அது மேலும் உடையாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மெய் மூலம் இல்லை என்பதற்கு ஒருபடிக் காரணி இல்லை என்பது மட்டுமே பொருள். இருபடிக் காரணிகள் இருக்கலாம். ஒரு x²-ஐக் கூட்டிக் கழித்தால் அந்தக் கோவை (x² + 1)² − x² ஆகிறது. இது வர்க்கங்களின் வித்தியாசம். (x² + x + 1)(x² − x + 1) என உடைகிறது.

இந்த இடத்தில் பெரிய கணித மேதையும் சறுக்கியிருக்கிறார். x⁴ + a⁴ என்ற கோவையை மெய்யெண் கெழுக்கள் கொண்ட இருபடிக் காரணிகளாக்க முடியாது என்று 1702-இல் லைப்னிட்ஸ் கருதினார். 2a²x²-ஐக் கூட்டிக் கழித்தால் அதுவும் உடைந்துவிடும். xⁿ − 1, xⁿ + 1 வகைக் கோவைகள் அனைத்தையும் வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரித்து மெய்க் காரணிகளாக்கும் முறையை ஆங்கிலேயர் ரோஜர் கோட்ஸ் கண்டார். 1716-இல் அவர் இறந்த பின், 1722-இல் வெளியான நூலில் அது இடம்பெற்றது.

இரண்டு இருபடிக் காரணிகளிலும் குறி மாறிப்போவது வழக்கமான பிழை. x³ − 1-ஐ உடைக்கும்போது x − 1-க்குத் துணையாக x² + x + 1 வர வேண்டும். x³ + 1-இல் x + 1-க்குத் துணை x² − x + 1. சரிபார்க்க x = 2 என்று போடலாம். x³ − 1 = 7; காரணிகள் 1 × 7. x³ + 1 = 9; காரணிகள் 3 × 3. குறியை மாற்றி எழுதியிருந்தால் முதலாவது 3 என்றும் இரண்டாவது 21 என்றும் வந்து தவறைக் காட்டிவிடும்.

நான்கு காரணிகளும் ஆறு மூலங்களை ஓர் ஒழுங்கில் பிரித்துவைக்கின்றன. ஒரு மூலத்தின் எத்தனையாவது படி முதன்முதலில் 1 ஆகிறது என்று பார்த்தால் இது விளங்கும். x − 1-இன் மூலம் முதல் படியிலேயே 1. x + 1-இன் மூலம் இரண்டாம் படியில் 1 ஆகிறது. x² + x + 1-இன் மூலங்கள் மூன்றாம் படியில் 1 ஆகின்றன. x² − x + 1-இன் மூலங்கள் மட்டுமே ஆறாம் படிவரை காத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று α என்றால் α² = α − 1; எனவே α³ = α² − α = −1. பாதி வழியில் −1-ஐத் தொட்டு, மீதிப் பாதியில் 1-க்குத் திரும்புகிறது.

இதே பிரிவினை சாதாரணத் தசமங்களிலும் தெரிகிறது. x = 10 என்று போட்டால் 10⁶ − 1 = 999999; அது 9 × 11 × 111 × 91. இதில் 91 என்பது x² − x + 1-இன் மதிப்பு. 7 × 13 எனப் பிரிகிறது. 1/7 = 0.142857…, 1/13 = 0.076923… என இரண்டிலும் ஆறு இலக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 111-ஐ வகுக்கும் 37-ஐ எடுத்தால் 1/37 = 0.027027…, மூன்று இலக்கச் சுழற்சி. 11-க்கு 1/11 = 0.0909…, இரண்டு இலக்கம். 9-க்கு 1/9 = 0.111…, ஒரே இலக்கம்.

காரணம் எளிது. 10-இன் படிகளை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிகள் வரிசையாக 3, 2, 6, 4, 5, 1. ஆறாம் படியில்தான் முதன்முதலாக 1 வருகிறது. மூன்றாம் படியில் வரும் 6 என்பது, 7-ஆல் வகுக்கும் கணக்கில், −1-க்குச் சமம். 60° முனையில் இருக்கும் α நடந்த அதே நடை இது. பாதி வழியில் −1 வருவதால்தான் 142857-ஐ நடுவில் வெட்டிக் கூட்டினால், 142 + 857 = 999 ஆகிறது. 1/13-க்கும் அப்படியே: 076 + 923 = 999.