வாய்தா தேதி வேறு, கெடு தேதி வேறு

அஞ்சல் துறைக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் 2009 செப்டம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டுக்கு முதல் தேவை தீர்ப்பின் சான்றிட்ட நகல். அதைக் கேட்டு மனுப் போட்டதே 2010 ஜனவரி 8ல்தான். நகலோ அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. பிறகு கட்டு மேசை மேசையாக நகர்ந்தது. உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது கெடு முடிந்து 427 நாள் ஆகியிருந்தது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றம் மறுத்தது. வழக்கில் துறையின் பக்கம் நியாயம் இருந்ததா என்ற கேள்வி விசாரணைக்கே வரவில்லை.

வழக்குக் கட்டு கைமாறுவது வக்கீல் அலுவலகங்களிலும் சகஜம். ஒருவர் அரசு வழக்கறிஞராகப் போவார், இன்னொருவர் ஊர் மாறுவார், சிலர் காலமாகிவிடுவார்கள். பாதியில் நிற்கும் வழக்கை இன்னொருவர் தலையில் ஏற்றும்போது கூடவே கொடுக்க வேண்டியது ஓரிரு பக்கத்தில் ஒரு குறிப்பு. வழக்கின் கதை அதில் வேண்டாம். அது பிராதிலும் எதிருரையிலும் இருக்கிறது. எந்தத் தேதியில் என்ன உத்தரவு ஆனது, எந்தத் தேதிக்குள் என்ன செய்தாக வேண்டும் என்பதுதான் வேண்டும்.

இந்தத் தேதிகள் இரண்டு வகை. நீதிமன்றம் சொல்லும் தேதி வாய்தா. அது டைரியில் இருக்கும், இ-கோர்ட்ஸ் செயலியிலும் தெரியும். சட்டம் வைக்கும் தேதி கெடு. அதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். கட்டைப் படித்தவர்தான் கணக்குப் போட்டு எழுத வேண்டும்.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்க்கலாம். அப்பா விட்டுப்போன வீட்டிலும் நிலத்திலும் பங்கு கேட்டு அக்கா ஒருவர் இரண்டு தம்பிகள் மீது 2022ல் சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். பெரிய தம்பி சொத்தை விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை இருக்கிறது. அக்கா சாட்சிக் கூண்டு ஏறி, குறுக்கு விசாரணை பாதியில் நிற்கிறது. இந்த நிலையில் சின்னத் தம்பி 2025 ஜனவரி 7 அன்று இறந்துவிடுகிறார். அவருடைய வக்கீல் பிப்ரவரி 3 வாய்தாவில் மெமோ போட்டு அதைத் தெரிவிக்கிறார். வழக்கு ‘மேல் நடவடிக்கைக்காக’ ஏப்ரல் 21க்குத் தள்ளிப்போகிறது. மார்ச்சில் அக்காவின் வக்கீல் கட்டைச் சக வக்கீலிடம் ஒப்படைக்கிறார்.

ஒப்படைப்பவர் அவசரத்தில் ‘2ஆம் பிரதிவாதி இறப்பு, மெமோ 3.2.2025, அடுத்த வாய்தா 21.4.2025’ என்று மட்டும் எழுதினால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரி வழக்கைக் கவிழ்த்துவிடும்.

பிரதிவாதி இறந்தால் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்கச் சொல்லி 90 நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். 90 நாள் எண்ணத் தொடங்குவது இறந்த தேதியிலிருந்து. ஜனவரி 7லிருந்து எண்ணினால் கெடு ஏப்ரல் 7. வாய்தாவை நம்பி ஏப்ரல் 21 வரை சும்மா இருந்தால் அதற்கு இரண்டு வாரம் முன்பே கெடு போயிருக்கும். மெமோ தேதியிலிருந்து எண்ணுபவருக்கு மே 4 என்று வரும். அவர் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார்.

கெடு தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு தானாகவே அற்றுப்போகும். அதற்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. பாகப்பிரிவினையில் பங்காளிகள் எல்லோரும் கட்சிக்காரர்களாக இருந்தாக வேண்டும் என்பதால், ஒருவர் விடுபட்டாலே மொத்த வழக்கும் நிற்குமா என்ற கேள்வியை எதிர்த் தரப்பு கிளப்பும். அதைச் சரிசெய்ய அடுத்த 60 நாள் உண்டு. இங்கே அது ஜூன் 6 வரை. அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, வழக்கு அற்றுப்போனதை நீக்க ஒரு மனு, வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு என்று மூன்று மனுக்கள் போட வேண்டிவரும். ஒவ்வொன்றுக்கும் எதிர்த் தரப்பு ஆட்சேபம் சொல்லும். ஒரே மனுவில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

அதனால் நல்ல குறிப்பு அதே செய்தியை வேறு மாதிரி சொல்லும்:

‘2ஆம் பிரதிவாதி இறந்தது 7.1.2025. வாரிசுகளைச் சேர்க்கும் மனுவுக்குக் கடைசி நாள் 7.4.2025. மனு இன்னும் போடவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள். பெயர், விலாசம் கட்சிக்காரர் தருவார். வாரிசுச் சான்று வரவில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மனு போட்டதும் நோட்டீஸ் பேட்டா கட்ட வேண்டும், பொறுப்பு குமாஸ்தா.’

கடைசி வரி சின்னதாகத் தெரிந்தாலும் தேவையானது. மனுவைக் கெடுவுக்குள் போட்டுவிட்டுப் பேட்டா கட்டாமல் விட்டால் நோட்டீஸ் போகாது. அந்தக் காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகலாம்.

உத்தரவுகளை எழுதும் விதமும் இப்படித்தான். ‘தடை உத்தரவு இருக்கிறது’ என்பது போதாது. அது வழக்கு முடியும் வரைக்குமா, மறு உத்தரவு வரைக்குமா, ஒரு தேதி வரைக்குமா? நம் வழக்கில் பிப்ரவரி 3 அன்று தடை ‘21.4.2025 வரை’ நீட்டிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று புது வக்கீல் வாரிசு மனுவைப் பற்றியே பேசிவிட்டுத் தடையை நீட்டிக்கச் சொல்ல மறந்தால், மறுநாள் பெரிய தம்பி கிரயம் எழுதிக் கொடுக்கக் கட்டு ஒன்றும் இருக்காது. ஆகவே உத்தரவின் கடைசி இரண்டு வரியை உள்ளபடியே எடுத்தெழுதுவது வழக்கம் தெரிந்தவர்கள் செய்வது. சுருக்கி எழுதும்போது முதலில் காணாமல்போவது ‘வரை’ என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் தேதிதான்.

குறுக்கு விசாரணை எந்த இடத்தில் நின்றது, எந்தெந்தச் சான்றாவணம் குறியீடு பெற்றுவிட்டது, அசல் பத்திரங்கள் நீதிமன்றத்தில் இருக்கின்றனவா, அலுவலகத்திலா, கட்சிக்காரரிடமா என்பதும் குறிப்பில் வர வேண்டும். அசல் கிரயப் பத்திரம் தொலைந்தது தெரியவருவது பெரும்பாலும் அதைக் காட்டச் சொல்லும் நாளில்தான்.

இனி வக்காலத்து. வாங்கிக்கொள்பவரின் பெயர் முதலிலேயே வக்காலத்தில் இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் புது வக்காலத்தில் பழைய வக்கீல் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்திட வேண்டும், அல்லது நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். இது முடியாமல் ஏப்ரல் 7க்குள் மனுவில் கையெழுத்துப் போட முடியாது என்பதால், பட்டியலில் முதல் வேலை இதுவே. ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்டைத் தராமல் நிறுத்தி வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ல் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு.

வாங்கிக்கொள்பவர் குறிப்பை அப்படியே நம்பிவிடுவதும் இல்லை. இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியையும் உத்தரவின் நகலையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கெடுவையும் தாமே ஒரு முறை எண்ணிப் பார்ப்பார். வழக்கு நடத்தும் அக்காவும் குறிப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண்ணைச் செயலியில் போட்டால் அவருடைய கைப்பேசியிலேயே ஏப்ரல் 21 தெரியும். ஏப்ரல் 7 அந்தக் குறிப்பில் மட்டுமே இருக்கும்.