மூன்று கணக்கு – 7: குளத்தை மூடலாமா?

மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் பயிரானது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1930-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு வாங்கியவரும் அவரேதான். செம்பனை ஆலைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1980களில் அதே தென்னமரத்தில் நடந்தது. லாபம், மக்கள், பூமி என்று ஜான் எல்கிங்டன் 1994-இல் பிரித்த மூன்று கணக்கையும் பொருத்திப் பார்க்க இதைவிடத் தோதான இடம் இல்லை.

ஆண்டுக்கு 2 லட்சம் டன் பழக்குலை ஆட்டும் ஓர் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கும் மேல் கழிவுநீர் வரும். பழுப்பாக, கொதிக்கக் கொதிக்க வரும் அந்த நீரை அப்படியே ஆற்றில் விட முடியாது. திறந்த குளங்களில் வாரக்கணக்கில் தேக்கிவைத்து, கழிவைக் கிருமிகள் தின்ன விடுகிறார்கள். தின்னும்போது கிளம்பும் மீத்தேன், கரியமிலவாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இந்த ஆலையின் கழிவிலிருந்து கிடைக்கக்கூடிய வாயு முழுவதும் காற்றில் கலந்தால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டன் கரியமிலவாயுவுக்குச் சமம். குளத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி போட்டு வாயுவைப் பிடித்தால் பூமிக் கணக்கு நேராகும்.

லாபக் கணக்குதான் சிக்கல். ஆலை ஏற்கெனவே பழநாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துத் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. வாயுவில் எடுக்கும் மின்சாரத்தை வெளியேதான் விற்க வேண்டும். மின்கம்பி அருகில் இருந்தால் போட்ட பணம் திரும்பும். தோட்டத்துக்குள் வெகுதூரம் தள்ளி இருந்தால் கம்பி இழுக்கும் செலவே லாபத்தை விழுங்கிவிடும். அப்போது வாயுவை வீணாக எரித்துவிடுவதுதான் வழி. அதுவும் பூமிக்கு நல்லதே, முதலாளிக்குச் செலவு.

மக்கள் கணக்கில் என்ன எழுதுவார்கள்? 'நாற்றம் குறைந்தது' என்பார்கள். லயத்துக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடிக்கு அடியில் மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் எதுவும் தெரியாது, ஆள் சாய்ந்துவிடுவார். குழாயைத் திறக்கும் தொழிலாளியிடம் வாயுமானி இருக்கிறதா, மீட்க வெளியே ஆள் நிற்கிறாரா என்பதும் மக்கள் கணக்கில் வர வேண்டாமா? மின்சாரம் விற்ற பணத்தில் லயத்துக் கூரைக்கு எவ்வளவு போனது என்பதும் வர வேண்டும்.

இந்த மூன்று கணக்குச் சூத்திரம் வெறும் கணக்கெழுதும் கருவியாகிவிட்டது என்று எல்கிங்டனே 2018-இல் அலுத்துக்கொண்டு, அதைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். நிறுவன அறிக்கை கைக்கு வந்தால் மீத்தேன் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். மக்கள் பக்கத்தில் மற்ற இரண்டின் உபரி தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.