வரைபடம் காட்டும் தொலைவு

பேருந்து ஒன்று நிறுத்தத்திலிருந்து புறப்படுகிறது. அதன் வேக-நேர வரைபடத்தின் புகைப்படத்தைக் கொண்டு, அது கடந்த தொலைவைக் கணக்கிடலாம். சீரான வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். வரைபடத்தில் அப்பெருக்கமே கோட்டின் கீழுள்ள செவ்வகத்தின் பரப்பளவாகும். வேகம் மாறும்போது கோடு வளைவதால், அப்பகுதியைச் சரிவகங்களாகப் பிரிக்க வேண்டும்.

சாய்வாக எடுத்த படத்தில் கட்டங்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே, படத்தை அளவுகோலால் அளக்கக்கூடாது. கட்டக் கோடுகளைப் பின்பற்றி, அச்சுகளில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும்.

0, 5, 10, 15, 20 ஆகிய வினாடிகளில் பேருந்தின் வேகம் முறையே வினாடிக்கு 0, 6, 10, 12, 12 மீட்டர் எனக் கொள்வோம். ஒவ்வொரு துண்டிலும் இரு பக்க வேகங்களின் சராசரியை 5 வினாடியால் பெருக்க வேண்டும். முதல் துண்டு முக்கோணமாக இருந்தாலும் அதே முறை பொருந்தும்:

(0 + 6) ÷ 2 × 5 = 15 மீட்டர்

மற்றத் துண்டுகள் 40, 55, 60 மீட்டர் ஆகும். மொத்தத் தொலைவு 170 மீட்டர்.

இவ்வளைகோடு சரிவகங்களின் மேல்விளிம்பைவிடச் சற்று மேலே புடைத்திருக்கும். அவ்விடைவெளி கணக்கில் சேராததால், உண்மையான தொலைவு 170 மீட்டரைவிடச் சிறிது கூடுதலாகும். துண்டுகளின் அகலத்தைக் குறைத்தால் இவ்வேறுபாடும் குறையும்.